"அன்னைக்கே போன்ல சொன்னேனே சார்": வீடு கட்டும் வேலையில் பேசியதை எழுதி உறுதி செய்வது எப்படி

சதுர அடி ரேட்டுக்கு வீடு கட்டித் தரும் வேலையில், அக்ரிமென்ட்டில் இருப்பதைப் பற்றி அனேகமாகச் சண்டை வராது. எந்தக் கம்பி, எந்த சிமென்ட், டைல்ஸுக்கு எவ்வளவு என்று முத்திரைத்தாளில் இருக்கிறது, இரண்டு பேர் கையெழுத்தும் இருக்கிறது. சண்டை வருவதெல்லாம் அக்ரிமென்ட் போட்ட பிறகு போனில் சேர்ந்த வேலைக்குத்தான். வீட்டுக்காரர் வெளிநாட்டில் இருந்தால் இது இன்னும் அதிகம். வாரம் பூராவும் சைட் போட்டோவைப் பார்த்துக்கொண்டிருப்பார், ஞாயிற்றுக்கிழமை ராத்திரி கூப்பிட்டு அரை மணி நேரத்தில் நாலு மாற்றம் சொல்வார். இந்தப் பக்கம் இருப்பவர் நாலுக்கும் "சரி சார்" என்பார். ஆறு மாதம் கழித்துக் கடைசி பில் போடும்போது "இதுக்கு எக்ஸ்ட்ரான்னு நீங்க சொல்லவே இல்லையே" என்று ஒருவரும், "அன்னைக்கே போன்ல சொன்னேனே சார்" என்று இன்னொருவரும் நிற்பார்கள். பெரும்பாலும் இரண்டு பேருமே பொய் சொல்லவில்லை. ஒரே பேச்சை இரண்டு விதமாகக் கேட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

அதனால் போனை வைத்த அன்றைக்கே, பேசியதை எழுதி வீட்டுக்காரருக்கு அனுப்பி, அவரிடமிருந்து எழுத்தில் பதில் வாங்க வேண்டும். வாட்ஸப்பில் ஒரு செய்தி போதும். எதை எழுத வேண்டும், எப்படி எழுதினால் பிற்பாடு நிற்கும் என்பதை இங்கே விவரமாகச் சொல்கிறேன். இது சின்ன பில்டர்களுக்கும் சைட் இன்ஜினியர்களுக்கும் எழுதுவது. வீடு கட்டுபவர்களும் இதே குறிப்பைத் தங்கள் பக்கத்திலிருந்து அனுப்பலாம், ஒன்றும் குறைந்துவிடாது.

"லாம்" செய்கிற வேலை

நம் பேச்சுத் தமிழில் ஆள் காணாமல் போய்விடுவார். "டைல்ஸ் வாங்கிடலாம்" என்கிறோம். யார் வாங்குவது? "கிரில்லை நிறுத்திடலாம்", "ஸ்ட்ரக்சுரல்கிட்ட கேட்டுக்கலாம்", "அடுத்த பேமென்ட்ல சேர்த்துக்கலாம்" எல்லாம் இதே கதைதான். பேசும்போது இடைவெளியே தெரியாது, இரண்டு பக்கமும் தலையாட்டுவார்கள். வீட்டுக்காரர், இன்ஜினியர் வாங்குவார் என்று இருப்பார். இன்ஜினியர், அவரே கடையில் பார்த்துப் பிடித்த டைல், அவரே வாங்கி அனுப்புவார் என்று இருப்பார். டைல்ஸ் ஒட்டும் ஆள் வந்து நிற்கும் அன்றைக்குத்தான் யாரும் வாங்கவில்லை என்று தெரியும்.

எழுதும்போது "லாம்" போட்டு முடிகிற ஒரு வாக்கியமும் இருக்கக் கூடாது. இந்த ஒரு விதியைக் கடைப்பிடித்தாலே பாதி வேலை முடிந்தது. "டைல்ஸ் வாங்குவது நீங்கள். கடையிலிருந்து சைட்டுக்கு வண்டி வாடகை உங்களுடையது. இறக்குகூலி எங்களுடையது" என்று ஆள் போட்டு எழுதினால், அதில் ஒப்புக்கொள்ளாத ஒன்று இருந்தால் வீட்டுக்காரர் உடனே சொல்லிவிடுவார்.

"பார்க்கலாம்" என்பது இன்னும் மோசம். இன்ஜினியர் "பார்க்கலாம் சார்" என்றால், முடியுமா என்று யோசித்துச் சொல்கிறேன் என்று அர்த்தம். வீட்டுக்காரர் காதில் அது "செய்துடுறேன்" என்று விழும். முகத்துக்கு நேராக முடியாது என்று சொல்லக் கூசுகிற மரியாதைச் சொல் அது. ஆனால் கட்டட வேலையில் அந்த மரியாதைக்கு விலை உண்டு. அதனால் குறிப்பில் "முடிவாகாதவை" என்று தனியாக ஒரு பகுதி கட்டாயம் வேண்டும். போனில் "பார்க்கலாம்" என்று விட்டதெல்லாம் அங்கே போக வேண்டும்.

அடுத்தது இடமும் அளவும். "இடது பக்கம்" என்றால் வீட்டுக்குள் நின்று பார்த்தா, வாசலில் நின்று பார்த்தா? பிளானைக் கையில் வைத்துக்கொண்டு பேசுபவருக்கும் சைட்டில் நின்று பேசுபவருக்கும் இடது வேறு வேறு. நல்லவேளையாக நம் ஆட்களுக்கு வாஸ்து காரணமாகத் திசை நன்றாகத் தெரியும். கிழக்குச் சுவர், தென்மேற்கு படுக்கையறை என்று எழுதினால் குழப்பமே வராது. உயரம் சொன்னால் எதிலிருந்து என்று சேர்த்து எழுத வேண்டும். "சுவிட்ச் பாக்ஸ் 4 அடி" என்று எழுதினால், கீழே இன்னும் தரை போடாத நிலையில் எலக்ட்ரீஷியன் கான்கிரீட்டிலிருந்து அளப்பார். பிறகு 3, 4 அங்குலம் தரை ஏறியதும் பாக்ஸ் தாழ்ந்து நிற்கும். "டைல்ஸ் போட்டு முடித்த தரையிலிருந்து 4 அடி" என்று முழுசாக எழுதுங்கள்.

போனை வைக்கும் முன் இரண்டு நிமிடம்

பேசும்போதே நோட்டில் வார்த்தை வார்த்தையாக எழுத முடியாது, வேண்டவும் வேண்டாம். எண்ணையும் அளவையும் தேதியையும் மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். வைக்கும் முன், "சார், இன்னைக்கு மூணு விஷயம் பேசியிருக்கோம், ஒரு தடவ சொல்லிடுறேன்" என்று வரிசையாகச் சொல்லிவிடுங்கள். எண்களை இரண்டாகப் பிரித்துச் சொல்வது நல்லது. இங்கிலீஷில் ஃபிஃப்டீனும் ஃபிஃப்டியும் வெளிநாட்டு லைனில் ஒன்றுபோலக் கேட்கும். தமிழில் பதினைந்து, ஐம்பது என்று சொன்னால் தொல்லையே இல்லை. கடைசியாக, "இதை இப்பவே எழுதி அனுப்புறேன், பார்த்துட்டு சரின்னு பதில் போடுங்க, அப்புறம்தான் மேஸ்திரிகிட்ட சொல்வேன்" என்று சொல்லுங்கள். இந்தக் கடைசி வாக்கியம் முக்கியம். பதில் போடாவிட்டால் வேலை நகராது என்பது அவருக்கு அப்போதே தெரிந்துவிடுகிறது. இல்லாவிட்டால் குறிப்பைப் பார்த்துவிட்டு, பிறகு பதில் போடுவோம் என்று மறந்துவிடுவார்.

ராத்திரியே எழுதுவதற்குக் காரணம் ஞாபகம் மட்டும் இல்லை. மறுநாள் காலை 7 மணிக்கு மேஸ்திரி சைட்டில் இருப்பார். அவர் கேட்டால் வாய் தவறிச் சொல்லிவிடுவோம். சொன்னால் அவர் செய்துவிடுவார்.

ஒரு குறிப்பு, முழுசாக

ஒரு உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். கீழ்த்தளம் மட்டும் கட்டும் வீடு, ரூஃப் சென்ட்ரிங் அடித்துக் கம்பி கட்டிக்கொண்டிருக்கிறார்கள், வியாழக்கிழமை கான்கிரீட். வீட்டுக்காரர் சிங்கப்பூரில். ஞாயிறு இரவு கூப்பிட்டு மூன்று விஷயம் சொல்கிறார். பின்னாளில் மாடி கட்டும்போது பாத்ரூம் வைக்க இப்போதே ரூஃபில் பள்ளம் விட வேண்டும். ஹால் ஜன்னலை 5 அடியிலிருந்து 6 அடியாக்க முடியுமா என்று கேட்கிறார். சதுர அடி 95 ரூபாய் டைல் ஒன்று பிடித்திருக்கிறது. அக்ரிமென்ட்டில் இருப்பது 60 ரூபாய். இதில் வரும் தொகைகளை உதாரணமாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், ஊருக்கு ஊர் மாறும்.

அன்றிரவு போக வேண்டிய குறிப்பு இப்படி இருக்கும்:

> வணக்கம் சார். குறிப்பு எண் 7. இன்று 09 மார்ச் 2025, ஞாயிறு, இந்திய நேரம் இரவு 7.30க்கு நீங்களும் நானும் போனில் பேசியது.
>
> முடிவானது
>
> 1. தென்மேற்கு படுக்கையறையை ஒட்டிய பாத்ரூமுக்கு மேல், ரூஃபில் 8 அடிக்கு 5 அடி அளவில் 9 அங்குலப் பள்ளம் விடுகிறோம். அந்த இடத்தில் கீழ் பாத்ரூம் சீலிங் 10 அடியிலிருந்து 9 அடி 3 அங்குலமாகக் குறையும். இதற்குக் கூடுதல் தொகை ரூ.18,500. சென்ட்ரிங், கம்பி, கான்கிரீட், மழைநீர் வெளியேற ஒரு குழாய் இதில் அடக்கம். மாடி பாத்ரூமின் பைப் வேலை, வாட்டர் புரூஃபிங், பள்ளம் நிரப்புவது இதில் சேராது.
>
> 2. ரூஃப் கான்கிரீட் வியாழன் 13 மார்ச்சுக்குப் பதிலாக சனி 15 மார்ச். மொத்த வேலை முடியும் தேதியும் இரண்டு நாள் தள்ளும்.
>
> 3. ஹால், அறைகளுக்கு நீங்கள் அனுப்பிய போட்டோவில் உள்ள 4 அடிக்கு 2 அடி டைல், சதுர அடி ரூ.95, வரி உட்பட. அக்ரிமென்ட் ரூ.60. வித்தியாசம் ரூ.35. தரை 1,100 சதுர அடி, வெட்டுச் சேதாரம் 5 சதவீதம் சேர்த்து 1,155 சதுர அடி. கூடுதல் ரூ.40,425. பெரிய டைல் ஒட்டும் கூலி சதுர அடிக்கு ரூ.8 கூடுதல், 1,100 சதுர அடிக்கு ரூ.8,800. மொத்தம் ரூ.49,225. டைல்ஸ் ஆர்டர் போடும் முன் தர வேண்டும்.
>
> முடிவாகாதது
>
> 4. ஹால் கிழக்கு ஜன்னலை 5 அடியிலிருந்து 6 அடியாக்குவது. லின்டல் ஏற்கனவே போட்டாகிவிட்டது. உடைத்துச் செய்ய முடியுமா, எவ்வளவு ஆகும் என்று ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரைக் கேட்டு புதன் 12 மார்ச் மாலைக்குள் நான் சொல்கிறேன். அதுவரை 5 அடி கிரில் வேலையைப் பட்டறையில் நிறுத்திவைக்கிறேன்.
>
> யார் என்ன செய்வது
>
> நான்: பள்ளத்துக்கான திருத்திய கம்பி டிராயிங்கை ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரிடம் வாங்கி, செவ்வாய் 11 மார்ச் மாலைக்குள் உங்களுக்கு அனுப்புவது.
>
> நீங்கள்: இந்தக் குறிப்பைப் பார்த்து, திங்கள் 10 மார்ச் இந்திய நேரம் இரவு 8 மணிக்குள் எண் 1, 2, 3 சரியா என்று எழுதி அனுப்புவது. ரூ.18,500-ஐ ரூஃப் பேமென்ட்டுடன் சேர்த்து அனுப்புவது.
>
> அந்த நேரத்துக்குள் பதில் வராவிட்டால் பழைய டிராயிங்படி, பள்ளம் இல்லாமல், 13-ம் தேதியே கான்கிரீட் போடுவோம்.

எழுதப் பதினைந்து நிமிடம் ஆகும். நீளமாக இருக்கிறதே, வீட்டுக்காரர் படிப்பாரா என்று தோன்றலாம். சொந்த வீட்டுக்கு 68 ஆயிரம் ரூபாய் கூடுதல் செலவு வரும் செய்தியை யாரும் படிக்காமல் விடமாட்டார்கள்.

ஒவ்வொரு வரியும் ஏன்

பள்ளத்தைப் பற்றி அத்தனை வரி எழுதக் காரணம் இருக்கிறது. மாடி பாத்ரூமுக்குப் பள்ளம் விட்டால் பைப்பெல்லாம் அதற்குள் ஓடும், கீழ்வீட்டுச் சீலிங்கில் பைப் தொங்காது. வீட்டுக்காரருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அந்தப் பள்ளம் கீழ் பாத்ரூமின் தலைக்கு மேல் இறங்கும் என்று போனில் பேசும்போது அவர் யோசித்திருக்க மாட்டார். வீடு முடிந்து உள்ளே வந்து நிமிர்ந்து பார்க்கும்போதுதான் "இது மட்டும் ஏன் தாழ்வா இருக்கு" என்பார். அதனால் மாற்றத்தின் பலனோடு அதன் பக்கவிளைவையும் அதே வரியில் எழுதிவிட வேண்டும்.

மழைநீர்க் குழாயும் அப்படித்தான். மாடி எப்போது கட்டுவார்கள் என்று யாருக்கும் தெரியாது, ஐந்து வருடம் ஆகலாம். அதுவரை அந்தப் பள்ளம் மொட்டை மாடியில் ஒரு தொட்டி மாதிரிக் கிடக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் நீர் தேங்கினால் நேராகக் கீழ் பாத்ரூம் சீலிங்கில் ஓதம் இறங்கும். வடிகால் வைத்தீர்களா, அது தொகையில் சேர்ந்ததா என்பது குறிப்பில் இருக்க வேண்டும்.

"இதில் சேராது" என்ற வரியை எழுதப் பலருக்கும் கூச்சம். வீட்டுக்காரர் தப்பாக நினைப்பாரோ என்று விட்டுவிடுவார்கள். ஆனால் "பாத்ரூமுக்குப் பள்ளம், 18,500" என்று மட்டும் எழுதினால், மாடி கட்டும்போது பைப்பும் வாட்டர் புரூஃபிங்கும் ஏற்கனவே காசு கொடுத்தது என்று அவர் நினைப்பது நியாயம்தான். அந்த நியாயத்துக்கு இடம் கொடுத்தவர் குறிப்பு எழுதியவர்.

டைல்ஸ் வரியில் ரேட்டை மட்டும் எழுதாமல் மொத்தத்தை எழுதியதைக் கவனியுங்கள். "35 ரூபா வித்தியாசம்தானே சார்" என்று போனில் இரண்டு பேரும் லேசாகப் பேசி முடித்திருப்பார்கள். 35 ரூபாய் யாரையும் உறுத்தாது. 49,225 உறுத்தும். அது உறுத்த வேண்டிய நேரம் இப்போதுதான், டைல்ஸ் ஒட்டிய பிறகு இல்லை. இதில் தவறுகிற இடங்கள் இரண்டு. ஒன்று சேதாரம். தரை 1,100 என்று கணக்குப் போட்டு, கடையில் 1,155 வாங்கியிருந்தால் அந்த 55 சதுர அடிக்குத் தகராறு வரும். இன்னொன்று வரி. கடைக்காரர் சொல்லும் விலையில் ஜி.எஸ்.டி. சேர்ந்ததா இல்லையா என்று கேட்காமல் 95 என்று எழுதினால், டைல்ஸுக்கு 18 சதவீத வரி என்பதால் பில் வரும்போது 112 ரூபாய் ஆகிவிடும்.

தேதி தள்ளுவதையும் சொல்லிக்கொள்ள வேண்டும். இரண்டு நாள்தானே என்று விடாதீர்கள். வேலை முடியும் தேதி தாண்டினால் வாடகை கேட்கலாம் என்று அக்ரிமென்ட்டில் இருந்தால், வீட்டுக்காரர் சொன்ன மாற்றத்தால் தள்ளிய ஒவ்வொரு நாளும் எழுத்தில் இருந்தால்தான் கழியும்.

"ஓகே" எல்லாம் ஓகே இல்லை

குறிப்பு போனதும் வரும் பதிலைச் சரியாகப் படிக்கத் தெரிய வேண்டும். நீல டிக் வந்தால் பார்த்தார் என்று மட்டும்தான் அர்த்தம். கட்டைவிரல் பொம்மையைச் சம்மதம் என்றும் சொல்லலாம், பார்த்துவிட்டேன் என்றும் சொல்லலாம். பணம் சம்பந்தப்பட்ட குறிப்புக்கு அது வந்தால், "நன்றி சார். எண் 1, 2, 3 மூன்றும் சரி என்று எடுத்துக்கொண்டு நாளைக்கு வேலையைத் தொடங்கவா?" என்று ஒரு வரி கேட்டு, "ஆமாம்" வாங்கிவிடுங்கள். வாய்ஸ் மெசேஜில் பதில் சொல்பவர்கள் நிறைய. அதைக் கேட்டு, அவர் சொன்னதன் சாரத்தை அதற்குக் கீழேயே எழுதிப் போடுங்கள். ஒரு வருடம் கழித்து நாற்பது வாய்ஸ் மெசேஜைக் கேட்டுத் தேட யாராலும் முடியாது.

கவனமாக இருக்க வேண்டியது பாதிச் சம்மதம். "ஓகே சார். டைல்ஸ் மட்டும் அப்பாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுச் சொல்றேன்" என்று பதில் வந்தால், எண் 3 முடிவாகவில்லை. முதல் சொல் "ஓகே" என்பதால் மூன்றும் சரி என்று எடுத்துக்கொள்பவர்கள்தான் அதிகம். இப்படி வந்தால் பழைய செய்தியைத் திருத்தாதீர்கள். வாட்ஸப்பில் அனுப்பி 15 நிமிடத்துக்குள் திருத்த வழி இருக்கிறது, ஆனால் வீட்டுக்காரர் எதற்குச் சம்மதித்தார் என்பதே அப்போது கேள்வியாகிவிடும். புதிதாகக் "குறிப்பு எண் 7-அ" என்று போட்டு, "எண் 1, 2 உங்கள் சம்மதப்படி முடிவு. எண் 3 முடிவாகாததற்கு மாறுகிறது. டைல்ஸ் 20 ஏப்ரலுக்குள் முடிவானால் போதும், அதுவரை வேலை நிற்காது" என்று அனுப்புங்கள். கடைசித் தேதியை அந்த வேலை எப்போது தேவை என்று பார்த்து வைக்க வேண்டும். ரூஃப் போட்டு, சென்ட்ரிங் பிரித்து, பூச்சு முடிந்த பிறகுதான் டைல்ஸ். அதற்கு இன்றைக்கே அவசரப்படுத்தினால் அடுத்த முறை நிஜமாகவே அவசரம் என்று சொல்லும்போது அவர் நம்பமாட்டார்.

பதிலே வராவிட்டால்? "பதில் வராவிட்டால் சம்மதம் என்று எடுத்துக்கொள்வோம்" என்று எழுதும் பழக்கம் சிலரிடம் உண்டு. கூடுதல் பணம் வரும் மாற்றத்துக்கு அப்படி எழுதாதீர்கள். பேசாமல் இருந்ததைச் சம்மதமாகக் காட்டிப் பணம் கேட்டால், சட்டத்திலும் அது பலவீனம், உறவிலும் அது கசப்பு. மேலே உள்ள குறிப்பில் நேர் எதிராக எழுதியிருப்பதைப் பாருங்கள்: பதில் இல்லையென்றால் பழையபடி. கையெழுத்துப் போட்ட டிராயிங்தான் இரண்டு பேரும் சேர்ந்து ஒப்புக்கொண்ட கடைசி எழுத்து. புது எழுத்து வராதவரை அதுதான் செல்லும். மாற்றம் வேண்டும் என்று கேட்டவர் வீட்டுக்காரர் என்பதால், அது நடக்க வேண்டுமென்றால் பதில் போட வேண்டியவரும் அவர்தான்.

ஆனால் ரூஃப் கான்கிரீட் போன்ற திரும்பப் பெற முடியாத வேலையில், பதில் வரவில்லை என்று சும்மா இருந்து கான்கிரீட்டைப் போட்டுவிடுவது சரியில்லை. திங்கள் இரவு 8 மணி தாண்டியதும் ஒரு முறை கூப்பிடுங்கள். எடுக்கவில்லை என்றால், "கூப்பிட்டேன், எடுக்கவில்லை. நாளை காலை 9 வரை பார்க்கிறேன்" என்று எழுதுங்கள். ஒரு நாள் தள்ளினால் ஆகும் நஷ்டம் மிக்ஸர் மெஷின் வாடகையும் ஆள் கூலியும்தான். போட்ட ரூஃபை உடைப்பது நடக்காத காரியம்.

சைட்டில் அப்பா, கையில் மேஸ்திரி

வீட்டுக்காரர் வெளிநாட்டில் இருந்தால் சைட்டைப் பார்ப்பவர் அவர் அப்பாவோ மாமனாரோதான். காலையில் வந்து மேஸ்திரியிடம் "8க்கு 5 பத்தாது தம்பி, 8க்கு 6 வச்சிடு" என்பார். பெரியவர் சொல்கிறார் என்று மேஸ்திரியும் செய்துவிடுவார். அந்த ஓர் அடிக்கு எழுத்தும் இல்லை, டிராயிங்கும் இல்லை, கம்பிக் கணக்கும் இல்லை.

இதை முதல் மாதத்திலேயே, யார் மனமும் நோகாமல், ஒரு குறிப்பில் தீர்த்துவிட வேண்டும். "மாற்றங்களை உறுதி செய்வது உங்கள் எண்ணிலிருந்து மட்டும். ஐயா சைட்டில் சொல்வதை அன்றன்றைக்கு எழுதி உங்களுக்கு அனுப்புகிறேன், நீங்கள் சரி என்றதும் செய்கிறேன்" என்று வீட்டுக்காரரிடமே ஒப்புதல் வாங்கிவிடுங்கள். பெரியவரிடம், "ஐயா, நீங்க சொன்னதை சாருக்கு எழுதிட்டேன், பதில் வந்ததும் செஞ்சிடலாம்" என்று சொன்னால் போதும். தன் பேச்சு மகனிடம் போய்ச் சேர்ந்தது என்பதில் அவருக்குத் திருப்திதான்.

மேஸ்திரிக்கு வாட்ஸப் குறிப்பை அப்படியே ஃபார்வேர்ட் செய்யாதீர்கள். அதில் தொகைகள் இருக்கின்றன, அவருக்குத் தேவையில்லாத பேச்சும் வரும். அவருக்கு வேண்டியது அளவு மட்டும். ஒரு தாளில் படம் போட்டு, "குறிப்பு 7, தென்மேற்கு பாத்ரூம் மேல், 8' x 5', ஆழம் 9 அங்குலம்" என்று எழுதிக் கொடுங்கள். எண் ஒன்றாக இருந்தால் பிற்பாடு இரண்டையும் ஒப்பிட வசதி.

எங்கே வைப்பது, எதற்குச் செல்லாது

வாட்ஸப்பில் மறையும் செய்தி அமைப்பு ஓடிக்கொண்டிருந்தால், வைத்த அமைப்பைப் பொறுத்து 24 மணி நேரத்திலோ 7 நாளிலோ 90 நாளிலோ எல்லாம் போய்விடும். வீட்டு வேலை அதற்கும் மேலே ஓடும். முதல் நாளே அந்த அமைப்பை அணைத்துவிடுங்கள். மாதம் ஒரு முறை அந்த உரையாடலை எக்ஸ்போர்ட் செய்து, உங்களுக்கும் வீட்டுக்காரருக்கும் ஈமெயிலில் போட்டுவிடுங்கள். போன் தொலைந்தாலும் மாறினாலும் கவலை இல்லை.

இப்படி எழுதியது சட்டப்படி செல்லுமா என்று கேட்பார்கள். 1872-ம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 62-வது பிரிவு, இரண்டு தரப்பும் ஒத்துக்கொண்டால் ஒப்பந்தத்தை மாற்றிக்கொள்ள இடம் தருகிறது. மின்னணு வழியில் நடந்தது என்பதற்காகவே ஒரு ஒப்பந்தம் செல்லாமல் போகாது என்று தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 10ஏ பிரிவு சொல்கிறது. வழக்கு என்று போனால் ஸ்கிரீன்ஷாட் மட்டும் போதாது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷிய அதிநியமத்தின் 63-வது பிரிவுப்படி அந்த மின்னணுப் பதிவுக்குச் சான்றிதழ் கொடுக்க வேண்டியிருக்கும். அதனால் செய்தி இருக்கும் போனையே பத்திரமாக வைத்திருங்கள். அக்ரிமென்ட்டிலேயே "கூடுதல் வேலைகள் வாட்ஸப் அல்லது ஈமெயிலில் இரு தரப்பும் எழுத்தில் உறுதி செய்தால் செல்லும்" என்று ஒரு வரி சேர்த்துவிட்டால் இன்னும் நல்லது.

வீட்டுக்காரர் "சரி" என்று எழுதிவிட்டதால் மட்டும் எல்லாம் செய்துவிட முடியாது. போர்டிகோவை இரண்டு அடி நீட்டச் சொல்லி அவர் எழுத்தில் சம்மதித்தாலும், அது பக்கத்தில் விட வேண்டிய காலி இடத்தைத் தின்றால், அப்ரூவல் வாங்கிய பிளானுக்கு மாறாகிவிடும். தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் 2019-ஐ இரண்டு பேர் சேர்ந்து வாட்ஸப்பில் தளர்த்த முடியாது. தூண், பீம், ஸ்லாப் சம்பந்தப்பட்ட எதுவும் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் டிராயிங் வராமல் முடிவானதாகாது. பள்ளத்தைக்கூட, டிராயிங் செவ்வாய்க்கிழமை வந்த பிறகுதான் செய்ய வேண்டும். அவர் முடியாது என்றால் 7-ஆ என்று இன்னொரு குறிப்பு போக வேண்டும். வீட்டுக்கடன் வாங்கியிருந்தால், பேங்க் பணம் விடுவிப்பது முதலில் கொடுத்த எஸ்டிமேட்டை வைத்துத்தான். கூடுதல் தொகை வீட்டுக்காரர் கையிலிருந்து வர வேண்டியது என்பதை அவருக்கு முன்பே சொல்லிவிடுங்கள், பேமென்ட் நேரத்தில் சொன்னால் அவரால் புரட்ட முடியாது.

பணம் வந்ததும், "குறிப்பு எண் 7, வரி 1-க்கான ரூ.18,500 கிடைத்தது" என்று எண் போட்டே ரசீது அனுப்புங்கள். கடைசி பில்லில் எக்ஸ்ட்ரா வேலைகளை வரிசைப்படுத்தும்போது ஒவ்வொன்றுக்கும் நேராக அந்த எண்ணும் தேதியும் இருக்கட்டும். எண் இல்லாத எக்ஸ்ட்ராவை பில்லில் சேர்க்காதீர்கள். அதை எழுத மறந்தது நம் பிழை, அதை வீட்டுக்காரர் தலையில் வைக்க வேண்டாம்.

வெள்ளிக்கிழமை மாலை, கம்பி கட்டி முடிந்ததும், அந்தத் தாளையும் டேப்பையும் எடுத்துக்கொண்டு மேலே ஏறி, பள்ளத்தை நீளம், அகலம், ஆழம் மூன்றும் அளந்து, டேப் தெரிகிற மாதிரிப் போட்டோ எடுத்து, குறிப்பு 7-க்குக் கீழே பதிலாகப் போட்டுவிடுங்கள். சனிக்கிழமை காலை மிக்ஸர் ஓடத் தொடங்கினால் அளக்க நேரம் இருக்காது.